சாயங்கால டிபன் கடை: பஸ் ஸ்டாண்டா, உள்தெருவா?

கேள்வி: பஸ் ஸ்டாண்ட் பக்கம் 25,000 வாடகைக்கு ஒரு கடை இருக்கு, உள்தெருவில் 9,000-க்கு ஒண்ணு. 12 பேர் உட்காரலாம், ரெண்டும் ஒரே அளவு. சாயங்கால டிபன் போட எதை எடுக்கலாம்?

பதில்: முதலில் வாடகையை ஆள் கணக்குக்கு மாற்றுங்கள். சின்ன டிபன் கடையில் வாடகை மாத விற்பனையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டினால் மூச்சு முட்டும். 25,000 வாடகைக்கு 2,50,000 விற்க வேண்டும். மாதம் 26 நாள் திறந்தால் நாளுக்கு 9,600 ரூபாய் சொச்சம். ஆளுக்கு 50 ரூபாய் பில் என்று வைத்தால் 192 பேர். உள்தெருக் கடைக்கு 70 பேர் போதும்.

அடுத்து, தலை எண்ணுங்கள். காலை பத்து மணிக்குப் போய் நின்று பயனில்லை. நீங்கள் விற்கப்போகும் ஆறு முதல் ஒன்பதரைக்குள் மூன்று தடவை, தடவைக்குக் கால் மணி நேரம். ஒரு வார நாள், ஒரு சனி, ஒரு ஞாயிறு. கடை இருக்கும் ஓரத்தில் நடப்பவர்களை மட்டும் எண்ணுங்கள். நடுவில் தடுப்புச் சுவர் இருந்தால் எதிர் ஓரக் கூட்டம் உங்களுக்கு இல்லை. வண்டி நிறுத்த இடமில்லாவிட்டால் பைக்கில் போகிறவர்களும் கணக்கில் வர மாட்டார்கள்.

பஸ் ஸ்டாண்டில் கால் மணிக்கு 150 பேர், உள்தெருவில் 60 பேர் என்று வைப்போம். மூன்றரை மணி நேரத்துக்கு 2,100, 840. அதாவது அங்கே நூற்றுக்கு 9 பேர் உள்ளே வர வேண்டும், இங்கே 8 பேர். இரண்டரை மடங்கு கூட்டம் என்று பார்த்தது கிட்டத்தட்ட ஒன்றுமில்லாமல் போகிறது, பாருங்கள்.

இந்த 9 நடக்குமா என்பதைப் பக்கத்துக் கடைக்காரர் சொல்லாமலே சொல்லிவிடுவார். அவர் வாசலைக் கடக்கும் நூறு பேரில் எத்தனை பேர் உள்ளே போகிறார்கள் என்று அதே நேரத்தில் எண்ணுங்கள். பேர் வாங்கின கடைக்கே 6 பேர்தான் என்றால் புதுக் கடைக்கு 9 கிடைக்காது. எட்டு மணிக்கு அங்கே இடமில்லாமல் ஆட்கள் நின்றால் மட்டும், அதே இட்லி தோசையோடு பக்கத்தில் இறங்கலாம். போட்டியே இல்லாத தெரு என்றால் டீக்கடையில் விசாரியுங்கள்: அந்த இடத்தில் முன்பு என்ன கடை இருந்தது, ஏன் காலி செய்தார்கள்?

பலர் மறப்பது நாற்காலிக் கணக்கு. 12 இடம், ஆளுக்கு 20 நிமிடம் என்றால் எல்லா இடமும் நிறைந்தே இருந்தாலும் மூன்றரை மணி நேரத்தில் 126 பேர்தான். பஸ் ஸ்டாண்டில் மீதி 66 பேரும் பார்சல் வாங்கியாக வேண்டும். பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறவர் வடையை வாங்குவார், தோசைக்கு நிற்க மாட்டார். அப்போது 50 ரூபாய் பில்லும் 20 ஆகிவிடும். பார்சல் அவ்வளவு ஓடும் என்று கண்ணால் பார்க்காத வரை, நான் உள்தெருவைத்தான் சொல்வேன். அங்கே 70 பேர் 12 இடத்தில் தாராளமாக அடங்குவார்கள். பத்து மாத அட்வான்ஸ் கேட்டாலும் 90,000-தான் முடங்கும். பஸ் ஸ்டாண்டில் இரண்டரை லட்சம்.

அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் மாடியில் யார் குடியிருக்கிறார்கள் என்று பாருங்கள். புகைக்குழாய்க்கு வீட்டுக்காரர் சம்மதம் ஒப்பந்தத்தில் எழுத்தாக இருக்கட்டும்.