மூணு பாக வீடியோ கதை: வெட்டு எங்கே விழணும்?

"கதவு திறக்கிற இடத்துல பாகம் 1-ஐ முடிச்சேன். 'ஏமாத்திட்டீங்க'ன்னு கமெண்ட் வருது. எங்க வெட்டணும்?"

கதவு திறந்த பிறகு வெட்டுங்க. உள்ளே யாருன்னு காட்டிடுங்க, ஏன் இருக்கார்ங்கிறதை மட்டும் மிச்சம் வைங்க.

எழுப்பின கேள்விக்கு அதே பாகத்துல பதில் வராததுதான் கோபத்துக்குக் காரணமா இருக்கும். நகை காணாமப் போற கதைன்னு வைங்க. பாகம் 1 முடியறப்போ எடுத்தது தம்பின்னு தெரிஞ்சிடணும், எதுக்குன்னு தெரியக்கூடாது. பாகம் 2 முடிவுல அடகுக்கடை ரசீது, அதுல அப்பா கையெழுத்து. அவரோட காரணம் பாகம் 3-ல.

கதை தெரியாத ஒருத்தர்கிட்ட முதல் பாகத்தை மட்டும் காட்டி, "என்ன தெரிஞ்சுது?"ன்னு கேளுங்க. பதில் வரலைன்னா வெட்டு சீக்கிரமே விழுந்திருக்கு.

ஒண்ணு, யூடியூப் ஷார்ட்ஸ்ல சிலருக்கு பாகம் 2-தான் முதல்ல வரும். கமெண்ட்ல லிங்க் போட்டாலும் அங்க அழுத்தித் திறக்க முடியாது. பாகம் 2-ல பாகம் 1-ஐ 'தொடர்புடைய வீடியோ'வா இணைச்சிடுங்க.