மனைவிக்கு அஞ்சாவது மாசம், ஜனவரில சென்னைல இருந்து பேபிமூன் போகணும். ஊட்டியா, ஆலப்புழா போட்ஹவுஸா, பாண்டிச்சேரியா?

பாண்டிச்சேரி. மத்த ரெண்டு ஊரும் அழகுல ஒண்ணும் குறைச்சல் இல்ல, ஆனா ராத்திரி ரெண்டு மணிக்கு அவங்க எழுந்து வயிறு ஏதோ ஒரு மாதிரி இருக்குங்கன்னு சொன்னா, கட்டில்ல இருந்து பிரசவம் பாக்குற ஆஸ்பத்திரிக்கு எவ்ளோ நேரத்துல போய் சேரலாம்? நான் முதல்ல பாக்குறது அதத்தான்.

போட்ஹவுஸ் அங்கயே அடிபட்டு போயிடுது. சாயங்காலத்துக்கு மேல ஓட்டாம ஏதாவது ஒரு கரைல கட்டிடுவாங்க, அங்க கார் வர வழி இருக்குமாங்கறது உங்க அதிர்ஷ்டம், ஏறி இறங்கறதும் ஆடுற பலகைல தான். ஊட்டில உயரம் பெரிய பிரச்சனை இல்ல (2,200 மீட்டர் சொச்சம் தான்), மேட்டுப்பாளையத்துக்கு மேல வர்ற வளைவு தான் பிரச்சனை, மூணாம் மாசத்தோட நின்ன வாந்திய அது திரும்ப கூட்டிட்டு வந்துடும், ஜனவரி ராத்திரில உறைபனி வேற. ஆசைப்பட்டா குழந்தை பொறந்தப்புறம் போங்க.

தேதி: 18ல இருந்து 22 வாரத்துக்குள்ள எடுக்குற அனாமலி ஸ்கேன் முடிஞ்சு ரிப்போர்ட் கைல வந்த பிறகு கிளம்புங்க. நஞ்சுக்கொடி கீழ இறங்கி இருக்கா, கருப்பை வாய் நீளம் சரியா இருக்கான்னு அதுல தெரிஞ்சிடும். இதுல ஏதாவது இருந்தாலோ, ரெட்டை குழந்தை, பிபி, நடுவுல ரத்தம் பட்டதுன்னு இருந்தாலோ, டாக்டர் போங்கன்னு வாய் திறந்து சொன்னா மட்டும் தான் பயணம். ஏழாம் மாசம் வளைகாப்பு போட்டு அம்மா வீட்டுக்கு கூட்டிட்டு போயிடுவாங்க, அதனால கிடைக்கிற இடைவெளி சின்னது தான். பொங்கல் வாரத்த விட்டுடுங்க, ஈசிஆர் ட்ராஃபிக்ல மணிக்கணக்கா உக்கார வேண்டி வரும். அது முடிஞ்சு வார நாள்ல போனா ரூம் வாடகையும் இறங்கியிருக்கும்.

ஈசிஆர்ல 150 கிலோமீட்டர் சொச்சம், மூணு மணி நேரம்னு மேப் சொல்லும், நீங்க நாலுன்னு வச்சுக்கோங்க. மகாபலிபுரத்துல ஒரு தடவ, மரக்காணம் பக்கம் ஒரு தடவ நிறுத்தி இறங்கி நடக்க விடுங்க, ரொம்ப நேரம் கால தொங்கப்போட்டு உக்காந்தா கால்ல ரத்தம் உறைஞ்சு கட்டியாகுற வாய்ப்பு இந்த சமயத்துல ஜாஸ்தி. பாத்ரூமும் அடிக்கடி தேவைப்படும். சீட் பெல்ட் கீழ்ப்பட்டை வயித்து மேல இல்லாம வயித்துக்கு அடில, இடுப்பெலும்பு மேல வரணும்.

ரூம் விஷயத்துல தான் நிறைய பேர் ஏமாறுறாங்க. ஒயிட் டவுன் பழைய வீடுகள் போட்டோல சொக்க வைக்கும், ஆனா பாதி இடத்துல லிஃப்ட் கிடையாது, மாடிப்படி செங்குத்தா இருக்கும். நாங்க போனப்ப போன்லயே கேட்டு கீழ் ரூம் வாங்கிட்டோம், படி ஏறாத சுகம் என்னன்னு அப்ப தான் தெரிஞ்சுது. பாத்ரூம் தரை வழுக்குமா, ராத்திரி கேட்ட பூட்டிட்டு போயிடுவாங்களான்னும் கேளுங்க. அங்க இருந்து ஜிப்மர் ஆஸ்பத்திரிக்கு கார்ல ராத்திரில அரை மணிக்குள்ள, மகப்பேறு பிரிவு அங்கயே இருக்கு.

அங்க என்ன பண்றதுன்னா, ஒரு நாளைக்கு ஒரே ஒரு வேலை. பீச் ரோட்ல சாயங்காலம் ஆறு மணிக்கு மேல வண்டி விட மாட்டாங்க, காந்தி சிலைல இருந்து மெதுவா நடந்து முடியாதப்ப உக்காந்துக்கலாம், பாறை மேல மட்டும் ஏற வேணாம். ஆரோவில் போனா மாத்ரிமந்திர் பாக்குற இடத்துக்கு கிட்டத்தட்ட ஒரு கிலோமீட்டர் நடை, முடியலன்னா வண்டி இருக்கான்னு முன்னாடியே கேட்டுக்கோங்க. ஸ்கூபா டைவிங் எந்த மாசத்துலயும் கூடாது, வாடகை ஸ்கூட்டர் வேணாம், மசாஜ்னா கர்ப்பம்னு சொல்லுங்க, நீராவி குளியல் பக்கம் போகவே வேணாம். கஃபேல முட்டை நல்லா வெந்திருக்கணும், சீஸ் காய்ச்சாத பால்ல பண்ணினதான்னு கேக்கணும் (கேட்டா ஒரு மாதிரி பாப்பாங்க, பாத்துட்டு போகட்டும்).

ஸ்கேன் ரிப்போர்ட், ப்ளட் குரூப், மாத்திரை சீட்டு எல்லாம் ஒரே கவர்ல போட்டு உங்க பைல வச்சுக்கோங்க, போன்லயும் போட்டோ எடுத்துக்கோங்க. ரத்தம் படுறது, தண்ணி கசியறது, வயிறு விட்டு விட்டு கல்லு மாதிரி இறுகறது, தலைவலியோட கண்ணு மங்குறது, இதுல எது வந்தாலும் காலைல பாத்துக்கலாம்னு படுக்காதீங்க, அந்த கவர எடுத்துட்டு நேரா கிளம்பிடுங்க.