மலப் பரிசோதனை பாசிட்டிவ்: கணக்கில் ஒரு வகுத்தல் குறைகிறது

கேள்வி: வயது 58. சுங்கை சிப்புட்டில் அரசு கிளினிக்கில் மலத்தில் மறைந்திருக்கும் ரத்தத்துக்கான சோதனை பாசிட்டிவ். என் வயதில் 1000 பேரில் 5 பேருக்குக் குடல் புற்று, அவர்களில் 80 சதவீதத்தைச் சோதனை பிடிக்கும், நோயில்லாதவர்களில் 95 சதவீதம் பேருக்கு நெகட்டிவ் வரும் என்று வைத்து மகள் கணக்குப் போட்டாள்: 0.005 × 0.80 = 0.004. வெறும் 0.4 சதவீதம்தானே? எனக்கு மூலமும் உண்டு. குழாய் விட்டுக் குடலைப் பார்க்கும் கொலோனோஸ்கோபி தேவையா டாக்டர்?

பதில்: தேவை ஐயா. மகள் எடுத்த எண்கள் நியாயமானவை, பெருக்கலும் சரி. ஆனால் அந்த 0.004 வேறொரு கேள்விக்கு விடை. சோதனை செய்யும் 1000 பேரில் நோயும் இருந்து பாசிட்டிவும் வரக்கூடியவர்கள் 4 பேர் என்றுதான் அது சொல்கிறது. உங்களுக்கு ஏற்கெனவே பாசிட்டிவ் வந்துவிட்டது. ஆகவே பாசிட்டிவ் வந்த எல்லாரையும் கொண்டு அதை வகுக்க வேண்டும்.

மகளிடம் தலைகளை எண்ணிப் பார்க்கச் சொல்லுங்கள். நோயுள்ள 5 பேரில் 4 பேருக்குப் பாசிட்டிவ், ஒருவர் தப்பிவிடுவார். நோயில்லாத 995 பேரில் 5 சதவீதம், ஏறத்தாழ 50 பேருக்கும் பாசிட்டிவ். மொத்தம் 54. அதில் 4 என்றால் 7.4 சதவீதம், கிட்டத்தட்ட 13, 14 பேரில் ஒருவர். விடையைச் சரிபார்க்க ஒரு சுலப வழி உண்டு. சோதனைக்கு முன்பே உங்கள் வாய்ப்பு 0.5 சதவீதம். பாசிட்டிவ் வந்தபின் அது 0.4 ஆகக் குறைந்தால் கணக்கில் எங்கோ பிழை.

இன்னொரு பிழையும் அடிக்கடி பார்க்கிறேன். 80 சதவீதம் பிடிக்கும் என்பதை, பாசிட்டிவ் வந்தால் 80 சதவீதம் நோய் என்று எடுத்துக்கொண்டு பலர் தூக்கத்தைத் தொலைக்கிறார்கள். அதுவும் தவறு.

இந்த 7.4, அறிகுறி எதுவும் இல்லாதவருக்குத்தான். ரத்தசோகை, காரணமில்லாமல் எடை குறைதல், மலம் போகும் வழக்கத்தில் மாற்றம், அண்ணன் தம்பிக்கோ பெற்றோருக்கோ குடல் புற்று இருந்தால், தொடக்க எண் 5 அல்ல. அதை 20 என்று வைத்தால் 16 பேருக்கு உண்மையான பாசிட்டிவ், 49 பேருக்குப் பொய்ப் பாசிட்டிவ். வாய்ப்பு நான்கில் ஒன்றாகிவிடும்.

மூலத்தாலும் பாசிட்டிவ் வரலாம். ஆனால் மூலம் இருப்பதால் புற்று இல்லை என்று ஆகாது. அந்த 50 பேரிலும் சிலருக்குப் பெரிய பாலிப், அதாவது குடலின் உள்சுவரில் வளரும் சதைக்கட்டி, இருக்கும். பின்னால் புற்றாக மாறக்கூடியது. கொலோனோஸ்கோபியின்போதே பெரும்பாலும் அதை வெட்டி எடுத்துவிடலாம்.

சோதனையை இன்னொரு தடவை செய்து பார்க்காதீர்கள். புற்றும் பாலிப்பும் தினமும் ரத்தம் கசிவதில்லை, அடுத்தது நெகட்டிவ் வந்தாலும் முதல் முடிவு அழியாது. கிளினிக்கில் பரிந்துரைக் கடிதம் வாங்கி ஆஸ்பத்திரியில் தேதி கேளுங்கள். ரத்தம் உறையாமலிருக்க மருந்து, இரும்புச்சத்து மாத்திரை, நீரிழிவு மருந்து எது சாப்பிட்டாலும் அங்கே முன்கூட்டியே சொல்லுங்கள். எதை எப்போது நிறுத்துவது என்று அவர்கள் சொல்வார்கள், நீங்களாக நிறுத்த வேண்டாம்.