மீட்டிங் முடிந்ததும் அனுப்பும் மெயில்: உங்கள் கேள்விகள், என் பதில்கள்

மீட்டிங் முடிந்து எத்தனை மணி நேரத்துக்குள் அனுப்பணும் சார்?

அன்றைக்கே. தூங்கி எழுந்தால் ஆளுக்கொரு ஞாபகம் இருக்கும்.

"பதிவுப் படிவத்தை டிசைன் டீம் வெள்ளிக்குள் முடிக்கும்" என்று தெளிவாகத்தான் எழுதினேன். அப்படியும் சண்டை வந்தது. எங்கே தப்பு?

அந்த ஒரு வரியில் மூன்று ஓட்டை இருக்கிறது. 'டிசைன் டீம்' என்றால் நான்கு பேர், ஒவ்வொருவரும் இன்னொருவர் பார்த்துக்கொள்வார் என்று இருந்திருப்பார்கள். 'முடிக்கும்' என்றால் அவர்களுக்கு முதல் வரைவு, உங்களுக்கு அப்படியே எடுத்துப் போடக்கூடிய இறுதி வடிவம். 'வெள்ளிக்குள்' இருக்கிறதே, அதுதான் வில்லங்கம். ராத்திரி பதினொன்றரைக்கு அனுப்பினாலும் வெள்ளிதான், ஆனால் சோதிக்கிறவர் அன்று காலையிலிருந்தே காத்திருந்திருப்பார். நான் எழுதினால் இப்படி இருக்கும்:

"பதிவுப் படிவத்தின் இறுதி வடிவம், மொபைல் திரையும் சேர்த்து. பொறுப்பு: மாலதி. ஜூன் 14 வெள்ளி மதியம் 3 மணிக்குள் பொது ஃபோல்டரில். படிவத்துக்கான வாசகங்களைக் கதிர் ஜூன் 12 புதன் மாலை 5 மணிக்குள் மாலதியிடம் தர வேண்டும்."

கடைசி வாக்கியத்தைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். கதிர் வியாழன் ராத்திரி தந்தால் மாலதி வெள்ளிக்கிழமை முடிக்க முடியாது. அந்த வரி இல்லாவிட்டால் மெயிலைப் படிக்கிறவர் கண்ணுக்குத் தாமதம் மாலதியுடையது. வெவ்வேறு நாட்டில் உட்கார்ந்து வேலை செய்கிறீர்கள் என்றால் யாருடைய மதியம் 3 மணி என்பதையும் எழுதிவிடுங்கள்.

இரண்டு பேர் சேர்ந்து செய்கிற வேலை. இரண்டு பேரையும் பொறுப்பு என்று போடலாமா?

ஒரு பெயர்தான். இன்னொருவரை 'உதவி' என்று போடுங்கள். யார் பெயர் என்று மீட்டிங்கிலேயே கேட்டுவிடுங்கள், நீங்களாக முடிவு செய்யாதீர்கள்.

"நாளை மாலைக்குள் திருத்தம் வராவிட்டால் எல்லோருக்கும் சம்மதம் என்று எடுத்துக்கொள்வேன்" என்று ஒரு வரி போட்டால் வேலை முடிந்ததே அண்ணா?

பாதி முடியும். மீட்டிங்கில் இருந்து, கேட்டு, தலையாட்டியவர்களுக்கு அந்த வரி போதும், நானும் போடுகிறேன். வராதவர் தலையில் வேலையைக் கட்டிவிட்டு அதே வரியைப் போட்டால் அது செல்லாது. ஒருமுறை லீவில் இருந்த ஒருவர் பெயரில் நான் இப்படித்தான் ஒரு வேலையை எழுதிவிட்டேன். திரும்பி வந்து, குவிந்து கிடந்த மெயில்களுக்கு நடுவில் அதை அவர் பார்க்கவே இல்லை. கெடு தாண்டிய பிறகு மெயிலைக் காட்டினேன், "நான் எப்போது ஒத்துக்கொண்டேன்?" என்றார். பதில் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. அதற்கப்புறம், வராதவர் பெயருக்குப் பக்கத்தில் 'இன்னும் உறுதியாகவில்லை' என்று எழுதுகிறேன், அவர் சரி என்று பதில் போட்ட பிறகுதான் அதை எடுக்கிறேன்.

நீங்கள் சொல்வது கேட்க நன்றாக இருக்கிறது. எங்கள் மேனேஜர் எந்த மெயிலுக்கும் பதில் போட மாட்டார். அவர் 'சரி' சொல்லட்டும் என்று உட்கார்ந்தால் வருஷம் ஓடிவிடும்.

மேனேஜரிடம் 'சரி' கேட்காதீர்கள், அடுத்து என்ன செய்யப்போகிறீர்கள் என்று எழுதுங்கள்: "திங்கள் காலை 10 மணிக்குப் பழைய படிவத்தை நிறுத்துகிறேன்." தடுக்க நினைத்தால் அவரே கூப்பிடுவார்.

கூப்பிடாமல் இருந்துவிட்டு, நிறுத்தின பிறகு "யாரைக் கேட்டு நிறுத்தினாய்" என்றார். இது எனக்கே நடந்தது. மௌனம் சம்மதம் என்பதெல்லாம் மேலே இருப்பவர்களுக்குக் கிடையாது.

ஒத்துக்கொள்கிறேன். திரும்ப மாற்ற முடியாத காரியம் என்றால் நேரில் போய்க் கேட்டுவிட்டு, "இன்று காலை நேரில் பேசியபடி" என்று எழுதுங்கள். அதற்கும் இல்லை என்று சொல்கிற ஆள் என்றால் என்னிடம் வழி இல்லை.

அண்ணா, அந்தச் சம்மத வரியை எல்லா மெயிலிலும் போடலாமா?

மேலே சொல்லிவிட்டேன்.

மீட்டிங்கை ரெக்கார்ட் பண்ண நல்ல ஆப் எது?

அது வேறு விஷயம், உங்கள் ஐடி ஆட்களைக் கேளுங்கள். சண்டை வரும் நாளில் ஒரு மணி நேர ஆடியோவை யாரும் கேட்கப்போவதில்லை.

மெயில் போன பிறகு காரிடாரில் நின்று பேசித் தேதியை மாற்றிவிட்டார்கள். புது மெயில் போடணுமா?

புதிது வேண்டாம், அதே மெயிலுக்கு ரிப்ளை ஆல். பழைய தேதி, புதுத் தேதி, யார் கேட்டு மாறியது, மூன்றும் ஒரே வரியில் இருக்கட்டும்.

மீட்டிங்கில் பேச மறந்த ஒன்றிரண்டு விஷயத்தை நான் அந்த மெயிலிலேயே முடிவு மாதிரி சேர்த்துவிடுகிறேன். யாரும் கேட்டதில்லை.

கேட்கிற அன்றைக்கு, நீங்கள் உண்மையாக எழுதிய மற்ற வரிகளையும் சேர்த்துச் சந்தேகப்படுவார்கள். 'இன்னும் பேச வேண்டியவை' என்று கீழே தனியாகப் போடுங்கள்.

எவ்வளவு நேரத்துக்குள் அனுப்பணும்?

முதல் கேள்வியைப் பாருங்கள் ஐயா.