கழுநீர் போலப் பேதி: ஒரு பாட்டில் குளுக்கோஸ் போதுமா?

"எங்கள் பகுதியில் வாந்திபேதி பரவுகிறது. பக்கத்து வீட்டுக்காரருக்கு அரிசி கழுவிய தண்ணீர் போலவே போனது. என் அம்மாவுக்கு 62 வயது, எடை 50 கிலோ, சர்க்கரை நோயும் உண்டு. அவருக்கு வந்தால் உப்புச் சர்க்கரைக் கரைசல் கொடுக்கலாமா? தெருமுனை கிளினிக்கில் ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றினால் போதுமா? எப்போது பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும்?" - வாசகி, காரைக்கால்

கரைசலைத் தாராளமாகக் கொடுக்கலாம். முதல் பேதியிலேயே தொடங்கிவிடுங்கள். ஒரு பாட்டில் குளுக்கோஸ் போதாது. 2022 ஜூலையில் உங்கள் ஊரில் காலராவுக்காகப் பொதுச் சுகாதார அவசரநிலை அறிவிக்கப்பட்டது நினைவிருக்கும். ஆகையால் கழுநீர் போன்ற பேதி என்றாலே காலரா என்று வைத்துக்கொண்டு செயல்படுங்கள். மலப் பரிசோதனை முடிவுக்காகக் காத்திருக்க வேண்டாம். இந்நோயில் பெரும்பாலும் காய்ச்சலோ கடும் வயிற்றுவலியோ இருப்பதில்லை. அதனால்தான் வீட்டார் ஏமாந்துபோகிறார்கள். ஆனால் மணிக்கு ஒரு லிட்டர் வரை நீர் வெளியேறக்கூடும். அந்த வேகத்தில் சில மணி நேரத்திலேயே உயிருக்கு ஆபத்து வந்துவிடும்.

முதலில் சர்க்கரை நோயைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் இந்தப் பயத்தாலேயே கரைசலை மறுத்த பல தாய்மார்களை நான் பார்த்திருக்கிறேன். ஒரு லிட்டர் ஓ.ஆர்.எஸ். கரைசலில் இருப்பது 13.5 கிராம் குளுக்கோஸ். ஒரு சிறிய பாட்டில் குளிர்பானத்தில் இதைவிட அதிகம் உண்டு. அந்தக் குளுக்கோஸ் சுவைக்காகச் சேர்க்கப்படுவதன்று. காலரா நஞ்சு குடலிலிருந்து நீரை வெளியே கொட்டச் செய்தாலும், குளுக்கோஸும் உப்பும் சேர்ந்து உள்ளே நுழையும் வழி மட்டும் திறந்தே இருக்கிறது. அவற்றின் பின்னால்தான் தண்ணீர் உடலுக்குள் செல்கிறது. சர்க்கரையை நீக்கிவிட்டு வெறும் உப்புத் தண்ணீர் கொடுத்தால் அந்த வழி வேலை செய்யாது. எனவே சர்க்கரை நோயாளிக்கும் அதே கரைசல், அதே அளவுதான். வழக்கமான சர்க்கரை மாத்திரை, இன்சுலின், சிறுநீர் பிரியக் கொடுக்கும் பிரஷர் மாத்திரை ஆகியவற்றை அன்று எடுக்கலாமா என்பதை மட்டும் மருத்துவரிடம் உடனே கேளுங்கள்.

கடையில் வாங்கும்போது பொடிப் பாக்கெட்டில் உலக சுகாதார நிறுவனத்தின் சூத்திரம் என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். ஓ.ஆர்.எஸ். என்ற பெயரைத் தாங்கிய இனிப்புப் பானங்கள் அட்டைப் பெட்டிகளில் பல ஆண்டுகள் விற்கப்பட்டன. மிகுதியான சர்க்கரை பேதியைக் கூட்டவே செய்யும். பாக்கெட்டில் ஒரு லிட்டர் என்றிருந்தால் ஒரு லிட்டரிலும், 200 மில்லி என்றிருந்தால் 200 மில்லியிலும்தான் கலக்க வேண்டும். பாக்கெட் கைக்கு வரும்வரை, காய்ச்சி ஆறிய ஒரு லிட்டர் நீரில் ஆறு மட்டமான தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்துக் கொடுக்கலாம். வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து, கரண்டி கரண்டியாகத் தொடருங்கள்.

இனி அந்த ஒரு பாட்டில். உங்கள் அம்மா கடுமையாக வற்றிப்போய்விட்டால் அவருக்குத் தேவைப்படுவது ரிங்கர் லாக்டேட் திரவம், கிலோவுக்கு 100 மில்லி, அதாவது ஐந்து லிட்டர். முதல் அரை மணியில் ஒன்றரை லிட்டர், அடுத்த இரண்டரை மணியில் மூன்றரை லிட்டர். அரை லிட்டர் பாட்டிலாகக் கணக்கிட்டால் பத்து பாட்டில், மூன்று மணி நேரத்தில். ஒரே ஒரு பாட்டில் குளுக்கோஸை இரண்டு மணி நேரம் சொட்டவிட்டுப் பணம் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு அனுப்புபவர் உங்கள் அம்மாவின் பொன்னான நேரத்தை எடுத்துக்கொள்கிறார். வெறும் குளுக்கோஸில் இழந்த உப்பும் இல்லை. கமிஷனுக்காகக் குறிப்பிட்ட நர்சிங் ஹோமுக்கே வண்டியைத் திருப்புபவர்களிடமும் எச்சரிக்கையாக இருங்கள். 108-ஐ அழைத்து அரசு மருத்துவமனைக்கே செல்லுங்கள்.

எப்போது கிளம்புவது? கழுநீர் போலப் பெருமளவில் இரண்டு மூன்று முறை போய்விட்டாலே கரைசலைக் கொடுத்துக்கொண்டே கிளம்பிவிடுங்கள். கண்கள் குழிவிழுதல், ஆறு மணி நேரமாகச் சிறுநீர் பிரியாமை, கெண்டைக்காலில் இழுப்பு, மணிக்கட்டில் நாடி தட்டுப்படாமை, கூப்பிட்டால் மந்தமாக விழித்தல் ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது. வயிற்றுத் தோலைக் கிள்ளிப் பார்க்கும் சோதனையை உங்கள் அம்மாவின் வயதில் நம்ப வேண்டாம். தோல் இயல்பிலேயே தளர்ந்திருக்கும். மயக்கத்தில் இருப்பவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். பேதியை நிறுத்தும் மாத்திரை வேண்டவே வேண்டாம்.

நான் பணியாற்றிய ஒரு மருத்துவமனையில், நாடி தட்டுப்படாத ஒரு முதியவரின் மகன் ஓ.பி. சீட்டு வரிசையில் முக்கால் மணி நேரம் நிறுத்தப்பட்டதை இன்றும் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. வரிசைக்குப் போகாமல் நேரே அவசரப் பிரிவுக்குச் சென்று, "கழுநீர் போலப் பேதி, இத்தனை மணிக்குத் தொடங்கியது, இத்தனை முறை, கடைசியாகச் சிறுநீர் இத்தனை மணிக்கு" என்று சொல்லுங்கள். சீட்டை இன்னொருவர் வாங்கி வரட்டும். சர்க்கரை நோய் இருப்பதையும் மறக்காமல் சொல்லி, அம்மா குடிக்கும் நிலைக்கு வந்தவுடன், கையில் ட்ரிப்ஸ் ஏறிக்கொண்டிருந்தாலும், கரைசலை மீண்டும் கொடுக்கத் தொடங்குங்கள்.