தழைச்சத்துன்னா யூரியா இல்லை

“‘பிசான நெற்பயிரின் தூர்கட்டும் பருவத்தில், உரிய வழிமுறைகளைப் பின்பற்றி, ஏக்கருக்கு 15 கிலோ தழைச்சத்தினை மேலுரமாக இடும் செயல்பாட்டினை மேற்கொள்ள வேண்டும்.’ அம்பாசமுத்திரம் பக்கம் சம்சாரிகளுக்கு இதை எளிமையா எழுதணும் அண்ணாச்சி. எதை வெட்டலாம், எதை விடணும்?”

தம்பி, ஒவ்வொரு சொல்லையும் எடுத்துட்டுப் பாருங்க. வயல்ல செய்யற வேலை மாறலைன்னா அது வெறும் சதை. ‘இடும் செயல்பாட்டினை மேற்கொள்ள வேண்டும்’ங்கிறது ‘போடணும்’தான், தாராளமா வெட்டலாம்.

சிக்கல் ‘தழைச்சத்து’லதான், அதாவது நைட்ரஜன். கடினமா இருக்கேன்னு ‘யூரியா’ன்னு மாத்தத் தோணும். யூரியாவுல 46 சதவீதம்தான் தழைச்சத்து. 15 கிலோ யூரியா போட்டா பயிருக்குக் கிடைக்கிறது 7 கிலோவுக்கும் குறைவு. ஆக ‘தழைச்சத்து’ கலைச்சொல், சும்மா மாத்த முடியாது. யூரியான்னே எழுதணும்னா எண்ணையும் சேர்த்து மாத்துங்க: 15-ஐ 0.46-ஆல் வகுத்தா ஏறக்குறைய 33 கிலோ.

‘மேலுரம்’ வெறும் ‘உரம்’ ஆகக்கூடாது, நடவுக்கு முன்னாடி போடற அடியுரத்தோட குழம்பிடும். ‘தூர்கட்டும் பருவம்’ கேக்க இலக்கணமா இருந்தாலும் சம்சாரி வாய்ல வர்ற பேச்சுதான், தொடாதீங்க. ‘பிசானம்’ அந்தப் பக்கத்து நெல் பருவத்தோட பேரு, அதையும் விட்டுடுங்க.

‘உரிய வழிமுறைகளைப் பின்பற்றி’யை மட்டும் கண்ணை மூடிட்டு வெட்டாதீங்க. பாதி நேரம் அது ஒரு விவரம் விடுபட்ட இடம். தண்ணியை வடிச்சுட்டுப் போடணுமா, எத்தனை நாள் கழிச்சுத் தண்ணி கட்டணும்னு எழுதின அதிகாரிகிட்டயே கேளுங்க. பதில் வந்தா அதை எழுதுங்க, ஒண்ணுமில்லைன்னார்னா தூக்கிடுங்க. அப்ப வரி இப்படி நிக்கும்:

“பிசான நெல்லு தூர்கட்டும்போது, ஏக்கருக்கு 33 கிலோ யூரியாவை மேலுரமாப் போடுங்க.”