கலைத்திட்டம், பாடத்திட்டம், வேலைத்திட்டம்: ஆறு புள்ளி வினாவுக்கு எப்படி விடை எழுதுவது?

கேள்வி: கல்வி டிப்ளோமா முதல் வருடம் படிக்கிறேன். "கலைத்திட்டம், பாடத்திட்டம், வேலைத்திட்டம் ஆகியவற்றை வேறுபடுத்துக" என்று 6 புள்ளிக்கு வந்தது. மூன்றுக்கும் வரைவிலக்கணம் சரியாக எழுதினேன். 2 புள்ளிதான் கிடைத்தது. எங்கே பிழைவிட்டேன்? எவ்வளவு எழுத வேண்டும்?

பதில்: நீங்கள் எழுதிய வரிகள் எல்லாமே சரியாக இருந்திருக்கலாம். ஆனால் அவை வேறொரு வினாவுக்கான விடை. மூன்று வரைவிலக்கணங்களைத் தனித்தனியே அடுக்கினால் அது "வரையறுக்குக" என்பதற்குப் பொருந்தும். "வேறுபடுத்துக" என்று கேட்டால் மூன்றையும் ஒரே அளவுகோலில் நிறுத்திக் காட்ட வேண்டும். இந்த வினாவுக்கு மூன்று அளவுகோல்கள் போதும்: யார் தயாரிக்கிறார், எதை அடக்குகிறது, எந்தக் கால அளவுக்கு உரியது. ஒவ்வொரு வாக்கியமும் இவற்றில் ஒன்றையாவது தொட்டால் விடை தானாகவே ஒப்பீடாகிவிடும்.

அதற்கு முன் சொற்களைப் பற்றி ஒரு எச்சரிக்கை. ஆங்கிலத்தில் படிப்பவருக்கு மூன்றும் மூன்று தனிச் சொற்கள். தமிழில் மூன்றும் "திட்டம்" என்றே முடிவதால் பரீட்சை மண்டபத்தில் கை தடுமாறும். கரிக்குலம் என்பது இலங்கை வழக்கில் கலைத்திட்டம். இங்கே "கலை" என்பது சித்திரம், சங்கீதம் அல்ல. கல்வி என்ற பழைய பொருளில் நிற்கிறது. சிலபஸ் என்பது பாடத்திட்டம். ஸ்கீம் ஒஃப் வேர்க் என்பது வேலைத்திட்டம். பாடவிதானம் என்ற சொல்லும் உலாவுகிறது. "இணைப்பாடவிதானச் செயற்பாடுகள்" என்று சொல்லும்போது அது கலைத்திட்டத்தையே குறிக்கிறது. இன்னொரு பொறி, நாளாந்தப் பாடக்குறிப்பையும் சிலர் பேச்சில் பாடத்திட்டம் என்று சொல்லிவிடுவது. தமிழ்நாட்டுப் புத்தகங்களையும் சேர்த்துப் படிப்பவர்கள் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். அங்கே அன்றாட வழக்கில் கரிக்குலம், சிலபஸ் இரண்டுக்குமே பாடத்திட்டம் என்ற ஒரே சொல் ஓடுகிறது. ஆகவே எந்தச் சொல்லை எதற்கு எடுக்கிறீர்கள் என்பது உங்கள் முதல் வாக்கியத்திலேயே தெளிவாகத் தெரிய வேண்டும்.

இனி வேறுபாட்டுக்கு வருவோம். தரம் 6 கணிதத்தில் பின்னங்கள் என்ற ஒரே விடயத்தை மூன்று படிகளிலும் இறக்கிப் பார்த்தால் எல்லாம் விளங்கிவிடும்.

மேல்படி கலைத்திட்டம். இலங்கையில் கல்விக்கான தேசிய இலக்குகளை முன்வைப்பது 1991ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த தேசிய கல்வி ஆணைக்குழு. அந்த இலக்குகளுக்கு ஏற்பப் பாடசாலைக் கலைத்திட்டத்தை வடிவமைப்பது மகரகமவில் உள்ள தேசிய கல்வி நிறுவகம். பிள்ளை ஏன் கணிதம் படிக்க வேண்டும், எந்த அணுகுமுறையில் கற்பிக்க வேண்டும், எப்படிக் கணிப்பிட வேண்டும் என்பதெல்லாம் இங்கே தீர்மானிக்கப்படுகின்றன. கணிதக் கழகம், இல்ல விளையாட்டுப் போட்டி, காலைக்கூட்டம் ஆகியனவும் கலைத்திட்டத்தில் அடங்கும். பாடப் பட்டியல் மட்டுமே கலைத்திட்டம் என்று எழுதும் விடை இந்த இடத்தில்தான் புள்ளியை இழக்கிறது. அமெரிக்கக் கல்வியியலாளர் ரல்ஃப் ரைலர் 1949இல் முன்வைத்த நான்கு வினாக்களை நினைவில் வைத்திருந்தால் போதும்: நோக்கம் என்ன, எந்த அனுபவங்கள், அவற்றை எப்படி ஒழுங்கமைப்பது, நோக்கம் நிறைவேறியதை எப்படி அறிவது. நான்குக்கும் பதில் தருவது கலைத்திட்டம்.

நடுப்படி பாடத்திட்டம். தரம் 6 கணிதப் பாடத்திட்டத்தைக் கையில் எடுத்தால் தேர்ச்சி, தேர்ச்சி மட்டம், உள்ளடக்கம், கற்றற் பேறு, பாடவேளை என்று நிரல்கள் இருக்கும். இது ஒரு பாடத்துக்கு, ஒரு தரத்துக்கு மட்டும் உரியது. நாட்டின் எல்லாப் பாடசாலைக்கும் ஒன்றே. பின்னங்களுக்கு இது 12 பாடவேளை ஒதுக்கியிருப்பதாக வைத்துக்கொள்வோம். அந்த 12 எந்தத் திகதியில் தொடங்கும் என்று பாடத்திட்டம் சொல்லாது, சொல்லவும் முடியாது. கீழ்ப்படி தேவைப்படுவது அதனால்தான்.

வேலைத்திட்டத்தை எழுதுபவர் வகுப்பில் கற்பிக்கும் ஆசிரியர். அவர் கையில் பாடத்திட்டம், தவணை நாட்காட்டி, வகுப்பு நேரசூசி மூன்றும் இருக்க வேண்டும். வாரத்துக்கு 5 கணிதப் பாடவேளை, நாளுக்கு ஒன்று என்று கொள்வோம். முதலாம் தவணையின் 4ஆம் வாரம் திங்கட்கிழமை பின்னங்கள் தொடங்குகிறது. 12 பாடவேளை என்பதால் இரண்டு வாரமும் இரண்டு நாளும் போதும், 6ஆம் வாரம் செவ்வாயோடு முடியும், புதனன்று அடுத்த அலகைத் தொடங்கலாம் என்று கடதாசிக் கணக்கு சொல்லும்.

நாட்காட்டியைப் பார்த்தால் 5ஆம் வாரம் புதன்கிழமை போயா விடுமுறை. 6ஆம் வாரம் வியாழனும் வெள்ளியும் விளையாட்டுப் போட்டி. அப்போது கிடைப்பது 4ஆம் வாரத்தில் 5, 5ஆம் வாரத்தில் 4, 6ஆம் வாரத்தில் 3, ஆக 12. பின்னங்கள் புதன்கிழமை முடிகிறது. அடுத்த அலகு 7ஆம் வாரம் திங்களுக்குத் தள்ளிப்போகிறது. இரண்டு வாரத்துக்குள் 3 பாடவேளை பின்னடைவு. வேலைத்திட்டம் எழுதிய ஆசிரியருக்கு இது தவணைத் தொடக்கத்திலேயே தெரியும். அவர் 4ஆம் வாரத்தில் அலகுப் பின்னமும் முறைமைப் பின்னமும், 5ஆம் வாரத்தில் சமவலுப் பின்னமும் என்று பிரிப்பார். 6ஆம் வாரத்தின் முதல் இரண்டு பாடவேளையில் சமமான பகுதியெண் கொண்ட பின்னங்களின் கூட்டலும் கழித்தலும், கடைசிப் பாடவேளையில் கணிப்பீடு. ஒவ்வொன்றுக்கும் எதிரே கற்பித்தற் செயற்பாடு, பின்னக் கீலங்கள் போன்ற சாதனங்கள், கணிப்பீட்டு முறை, இறுதியில் குறிப்புக்கான நிரல். அந்தக் கடைசி நிரலைப் பலர் வெறுமையாக விடுகிறார்கள். சமவலுப் பின்னம் விளங்காததால் ஒரு பாடவேளை கூடுதலாக எடுத்தோம் என்று அங்கே பதிவாகியிருந்தால்தான் அடுத்த ஆண்டின் வேலைத்திட்டம் நிஜமானதாக அமையும்.

இதே பாடத்திட்டத்தை வைத்து அடுத்த ஊர்ப் பாடசாலை வேறொரு வேலைத்திட்டம் எழுதும். ஆசிரியர் வேலைத்திட்டத்தைத் திருத்தலாம். பாடத்திட்டத்தைத் திருத்த அவருக்கு அதிகாரம் இல்லை. இவ்விரண்டையும் பிரிக்கும் மிகக் கூர்மையான கருத்து இது. விடையில் கட்டாயம் சேர்த்துவிடுங்கள்.

அளவைப் பற்றிக் கேட்டீர்கள். 3 மணி நேரத்தில் 5 வினா, ஒவ்வொன்றுக்கும் 20 புள்ளி என்றால் ஒரு வினாவுக்கு 36 நிமிடம். அதில் 6 புள்ளிப் பகுதிக்கு ஏறத்தாழ 11 நிமிடம். ஒரு பக்கத்துக்குச் சற்றுக் கூடலாம், அதற்கு மேல் வேண்டாம். விடை இப்படி அமையலாம்:

"கலைத்திட்டம் என்பது பாடசாலை திட்டமிட்டு வழிகாட்டும் கற்றல் அனுபவங்கள் அனைத்தையும் குறிக்கும். நோக்கங்கள், உள்ளடக்கம், கற்பித்தல் முறைகள், மதிப்பீடு ஆகியவற்றோடு இணைப்பாடவிதானச் செயற்பாடுகளும் இதில் அடங்கும். இது தேசிய மட்டத்தில் தயாரிக்கப்பட்டுப் பல ஆண்டுகளுக்கு நடைமுறையில் இருக்கும். பாடத்திட்டம் கலைத்திட்டத்தின் ஒரு பகுதி. ஒரு குறித்த பாடத்தில், ஒரு குறித்த தரத்தில் அடைய வேண்டிய தேர்ச்சிகளையும் உள்ளடக்கத்தையும் பாடவேளைகளையும் கூறும். இதுவும் தேசிய மட்டத்தில் தயாராவதால் எல்லாப் பாடசாலைக்கும் பொதுவானது. ஆனால் பாடசாலை வாழ்வின் ஏனைய அனுபவங்களை இது அடக்காது. வேலைத்திட்டம் என்பது பாடத்திட்டத்தை ஒரு தவணையின் வாரங்களுக்குப் பகிர்ந்து ஆசிரியர் எழுதும் திட்டம். செயற்பாடு, சாதனம், கணிப்பீடு ஆகியவற்றையும் காட்டும். பாடசாலைக்குப் பாடசாலை வேறுபடும். தேவைக்கேற்ப ஆசிரியர் இதைத் திருத்தலாம், பாடத்திட்டத்தைத் திருத்த முடியாது. உதாரணமாக, கணித அறிவை அன்றாட வாழ்வில் பிரயோகிக்கச் செய்வது கலைத்திட்ட நோக்கம். தரம் 6இல் பின்னங்களுக்கு 12 பாடவேளை ஒதுக்குவது பாடத்திட்டம். அவற்றை முதலாம் தவணையின் 4ஆம் வாரம் முதல் 6ஆம் வாரம் வரை பிரிப்பது வேலைத்திட்டம்."

கடைசி உதாரணத்தை நேரம் போதாது என்று விட்டுவிடாதீர்கள். ஒரே விடயம் மூன்று படியிலும் எப்படி மாறுகிறது என்பதை மூன்றே வாக்கியங்களில் காட்டுவது அதுதான். மூன்றுக்கும் மூன்று வேறு பாடங்களிலிருந்து உதாரணம் எடுத்தால் ஒப்பீடு உடைந்துவிடும்.

அட்டவணை போட விரும்பினால் மேலே சொன்ன மூன்று அளவுகோல்களை இடப்பக்கத்தில் வைத்துப் போடுங்கள். ஆனால் மூன்றுக்கும் இடையிலான தொடர்பை அட்டவணைக் கட்டங்கள் காட்டமாட்டா. கலைத்திட்டத்திலிருந்து பாடத்திட்டமும், அதிலிருந்து வேலைத்திட்டமும் பிறக்கின்றன என்று கீழே ஒரு வரி சேர்க்க வேண்டும்.

நன்றாகப் படித்தவர்களும் விடும் பிழை ஒன்று உண்டு. கலைத்திட்டம் "திட்டமிட்டு வழிகாட்டப்படுவது" என்று கல்வியியலாளர் ஜோன் கேரின் கருத்தை ஒட்டி எழுதிவிட்டு, மறைகலைத்திட்டமும் அதில் அடங்கும் என்று அடுத்த வரியில் சேர்ப்பார்கள். மறைகலைத்திட்டம் யாரும் திட்டமிடாமல் பிள்ளை பாடசாலையில் கற்றுக்கொள்வது. ஆகவே இரண்டு வரிகளும் ஒன்றையொன்று மறுக்கின்றன. 6 புள்ளி விடையில் மறைகலைத்திட்டத்தைத் தொடாமல் விடுவதே நல்லது. பாடநூலைப் பாடத்திட்டம் என்று எழுதுவதும் இதுபோன்ற பிழை. பாடநூல் பாடத்திட்டத்தை வைத்து எழுதப்படும் ஒரு சாதனம் மட்டுமே.

சில ஆண்டு வினாத்தாளில் பாடக்குறிப்பும் நான்காவதாக வரலாம். அப்போது வேலைத்திட்டத்தோடு நிறுத்தாமல் இன்னும் ஒரு படி இறங்குங்கள். 6ஆம் வாரச் செவ்வாய்க்கிழமை, 40 நிமிடப் பாடவேளை ஒன்றில், ஐந்தில் இரண்டையும் ஐந்தில் ஒன்றையும் கூட்டுவதை எந்தச் செயற்பாட்டோடு தொடங்கி எந்த வினாவோடு முடிப்பது என்று எழுதுவது பாடக்குறிப்பு. வேலைத்திட்டத்தின் அலகு வாரம். பாடக்குறிப்பின் அலகு நிமிடம்.